"முதல்ல வெதை, அப்புறம் அடுப்பு, கடைசில சந்தை!"
ஜவ்வாது மலையில் ஒரு சாமை விவசாயத் தாத்தாவின் ஒரு வருடம்

திருவண்ணாமலை மாவட்டம், போளூரில் இருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஜமுனாமரத்தூர் வருகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பலா மரங்களும் புளிய மரங்களும் சூழ்ந்த ஒரு சின்ன மலைக்கிராமம். ஊரின் கடைசி வீட்டில் 78 வயது பெரியவர் ஒருவர் இருக்கிறார். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர் இது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருமே அவரை 'தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

தாத்தாவுக்கு 2 ஏக்கர் மேட்டு நிலம். மலைக்காரர்கள் அதைக் 'கொல்லை' என்கிறார்கள். மானாவாரியில் சாமைதான் முக்கியப் பயிர். ஓரத்தில் கொஞ்சம் துவரை, அவரை, நடுவில் அங்கங்கே கடுகு. மகன், மருமகள், பேரன், பேத்திகள் என்று வீட்டில் 6 பேர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் 4 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பேரன்தான் இப்போது நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். பேரன் பொறுப்பு எடுத்துக்கொண்ட முதல் வருடமே ஒரு பெரிய சறுக்கல். அதிலிருந்து குடும்பத்தை மீட்டவை தாத்தாவின் சில பழக்கங்கள்தான். பேரன் கொண்டுவந்த ஒரு புதுப் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

விடியுமுன் வாசலில்...

தாத்தா விடிகாலை 4 மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று கிழக்கே பார்ப்பார். பக்கத்தில் காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தை ஆராய்கிறார்கள். அந்த அளவுக்கு இருட்டான, தெளிவான வானம் இந்த மலையில். தாத்தா தேடுவது அறுமீன் கூட்டத்தை. சின்னதாக, கொத்தாகத் தெரியும் நட்சத்திரங்கள் அவை. சித்திரைக் கடைசியில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும் அந்தக் கூட்டம், வைகாசிக் கடைசியில் விடியுமுன் கிழக்கே மெல்லத் தலைகாட்டும். ஆனி பிறந்து சில நாளில் நன்றாக மேலே ஏறி நிற்கும். அதைப் பார்த்ததும் தாத்தா ஏரைத் திண்ணையில் எடுத்து வைத்துவிடுவார்.

ஆனால், அன்றே விதைத்துவிட மாட்டார். "மீன் நாளைச் சொல்லும், மண்ணுதான் மழையைச் சொல்லும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. நட்சத்திரம் ஒவ்வொரு வருடமும் அதே நாளில்தான் வரும். மழை அப்படி வருவதில்லை. அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் களைக்கொத்தோடு கொல்லைக்குப் போவார். மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டுவார். அடியில் இருக்கும் மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிடிப்பார். உருண்டை பிடிக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பிடிக்கவே பிடிக்காவிட்டால் ஈரம் போதாது. அழுத்தினால் களி மாதிரி நசுங்கினால் ஈரம் அதிகம், உழுதால் கட்டி விழும். மூன்று இடத்திலும் மண் சரியாக இருந்தால், மறுநாள் விதைப்பு.

மேல்மண் மட்டும் நனைந்திருக்கும்போது விதைத்தால் சாமை முளைத்துவிடும். ஆனால், அடுத்த மழை பத்து நாள் தள்ளிப்போனால் முளை காய்ந்துவிடும். அதற்காகத்தான் அந்த ஒரு சாண் கணக்கு. ஈரம் கண்ட பிறகோ, ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டார். அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார். "முந்தி விதைச்சவன் புல்லைப் பார்ப்பான், பிந்தி விதைச்சவன் ஈயைப் பார்ப்பான்." முன்னால் விதைத்தால் களை எடுக்கும் வேலைதான். பின்னால் விதைத்தால் குருத்து ஈயோடு போராட்டம்.

பேரனுக்கு இந்தச் சொல் அப்போது புரியவில்லை.

மூன்று வாரத் தாமதம்

பேரன் பொறுப்பேற்ற வருடம், வீட்டு மாடுகளை விற்றிருந்தார்கள். கொல்லையை உழ வாடகைக்குப் பவர் டில்லர் சொல்லி வைத்திருந்தார் பேரன். ஆனி நடுவில் நல்ல மழை. தாத்தா மூன்று இடத்தில் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விதைக்கணும்" என்றார். பவர் டில்லர் கீழே வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள்ல வந்துரும் தாத்தா."

"உன் பெரியப்பன் வூட்ல ஏர் இருக்குது. போய்க் கேளு."

"அவங்க விதைப்பு முடியணும்ல... மெஷின் வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும். எதுக்கு அவசரம்?"

இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது, பிறகு மூன்று வாரம் ஆனது. ஆடி பிறந்து நாளாகித்தான் விதைப்பு நடந்தது. முளைப்பு நன்றாகவே இருந்தது. பேரன் தெம்பாக இருந்தார். தாத்தா மட்டும் தினமும் காலையில் கொல்லைக்குள் குனிந்து, இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிருக்கு இரண்டு வாரம் ஆனபோது அவர் பயந்தது வந்தது. வெளி இலைகள் பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் வெளுத்துக் காய்ந்தது. தாத்தா அப்படி ஒரு குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அதன் அடிமுனையைப் பேரன் மூக்கருகில் நீட்டினார். அழுகல் நாற்றம். "தண்ணி இல்லாம காஞ்ச குருத்து இழுத்தா வராது, நாறாது. இது ஈ" என்றார்.

குருத்து ஈ, வீட்டு ஈயைவிடச் சிறியது. இளம்பயிரின் இலை அடியில் வெள்ளையாக, நீளவாக்கில் ஒவ்வொரு முட்டையாக இடும். முட்டையில் இருந்து வரும் புழு இலை வழியாக நடுக்குருத்துக்குள் இறங்கி, வளரும் நுனியை அறுத்துவிடும். முளைத்த முதல் ஒரு மாதம்தான் ஆபத்துக் காலம். முன்பட்டத்தில் விதைத்த பயிர்கள், ஈ பெருகுவதற்குள் அந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிடுகின்றன. அந்தப் பயிர்களில் பெருகும் ஈக்கள், பின்னால் விதைத்த இளம்பயிரைத் தேடி மொத்தமாக வருகின்றன. ஊரில் கடைசியாக விதைத்தவர் கொல்லையில் சேதம் அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்டார் பேரன். குருத்து காய்ந்த பிறகு அடித்துப் பயனில்லை. புழு தண்டுக்குள் இருக்கிறது, அறுக்க வேண்டியதை அறுத்தும்விட்டது. தாத்தா வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். காய்ந்த குருத்துகளைப் பிடுங்கி, அடியில் இருந்த புழுவை நசுக்கினார்கள். நான்கு நாள் இந்த வேலை நடந்தது. அடுத்த தலைமுறை ஈக்களைக் குறைக்கத்தான் இது. போன குருத்து திரும்பி வராது. ஆனால், சாமை அதோடு செத்துவிடும் பயிர் இல்லை. நடுக்குருத்து போனால் பக்கத்தில் தூர் வெடிக்கும். "தலை போச்சுன்னா கை முளைக்கும்" என்று தாத்தா சொன்னது அதைத்தான்.

மொத்தமாகப் போன இடங்களில் மறுபடி சாமை விதைக்கலாம் என்றார் மகன். தாத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "இருக்கிற ஈக்கு இன்னும் தீனி போடறதா?" புரட்டாசி மழையில் அந்த இடங்களில் கொள்ளு தூவினார்கள்.

சாமை அறுவடைக்கு வந்தபோது கார்த்திகை ஆகிவிட்டது. தூர்களில் வந்த கதிர்கள் ஒன்றாக முற்றவில்லை. ஒரு செடியிலேயே ஒரு கதிர் பழுத்தும், இன்னொன்று பாலாகவும் நின்றது. கூடவே அடைமழை. காயவைக்க வெயில் இல்லாமல் படாத பாடு பட்டார்கள். வழக்கமாக 2 ஏக்கரில் 800 கிலோ வரும். அந்த வருடம் வந்தது 500 கிலோ.

கதிரடிக்கும் முன்பே விதை

தாத்தாவின் இன்னொரு பழக்கம், கதிர் பழுக்கும் சமயத்தில் நான்கு குச்சிகளோடு கொல்லையைச் சுற்றுவது. "வெதையைக் களத்துல தேடாதே, கொல்லையில தேடு" என்பார். களத்தில் எல்லாம் ஒன்றாகக் கொட்டிய பிறகு எது நல்ல செடியில் வந்தது, எது நோஞ்சானில் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பயிர் ஒரே உயரமாக, ஒரே சமயத்தில் பழுத்திருக்கும் இடத்தை முதலில் தேடுவார். கொல்லை ஓரமாக இல்லாமல் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் மற்றவர் கொல்லை விதை கலந்திருக்கும். வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைப்பதால் ஓரச்செடி ஏமாற்றவும் செய்யும். ஏறத்தாழ 5 சென்ட் அளவுக்கு இடம் அமைந்ததும் நான்கு மூலையிலும் குச்சி நட்டுவிடுவார். பிறகு அதற்குள் இறங்கி, வேறு ரகச் செடிகள், கதிர் கறுத்துப் பொடியாகிற கரிப்பூட்டைக் கதிர்கள், சாமை மாதிரியே நிற்கும் களைப்புற்கள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவார். அந்த 5 சென்ட்டைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, தனியாகக் காயவைப்பார். 20 கிலோ விதை கிடைக்கும். சாமை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர். அதனால் இப்படிப் பொறுக்கிய விதை வருடா வருடம் குணம் மாறாமல் வரும்.

தூவி விதைத்தால் ஏக்கருக்கு 5 கிலோ விதை தேவை. 2 ஏக்கருக்கு 10 கிலோ போதும். அப்படியானால் ஏன் 20 கிலோ? "பானையைத் துடைச்சு விதைக்கிறவன் சூதாடுறான்" என்பது தாத்தாவின் பதில். எந்த வருடமும் கையில் இருக்கும் விதை முழுவதையும் அவர் மண்ணில் போட்டதில்லை. பாதி விதைப்புக்கு, பாதி பானையில். பானையில் இருக்கும் 10 கிலோவையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. 5 கிலோ தன் வீட்டில், 5 கிலோ அடுத்த ஊரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில். "வெதை ரெண்டு கூரைக்குக் கீழே இருக்கணும்" என்பார்.

பானையில் போடும் விதமும் அவருக்கு ஒரு சடங்கு மாதிரிதான். விதையை நாலைந்து நாள் இளவெயிலில் காயவைப்பார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். வெயில் சூடு ஆறிய பிறகுதான் மண்பானையில் கொட்டுவார். அடியில் சலித்த சாம்பல், இடையிடையே காய்ந்த நொச்சி இலை, மேலே மறுபடி சாம்பல். வாயைத் துணியால் கட்டி, செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிடுவார். அடுப்புப் புகை படும் இடத்தில் பானை உட்கார்ந்திருக்கும்.

பூச்சி விழுந்த அந்த வருடம், தாத்தா குச்சிகளோடு கொல்லையை இரண்டு முறை சுற்றினார். ஒரு குச்சியைக்கூட நடவில்லை. ஒரே சமயத்தில் பழுத்த 5 சென்ட் எங்கேயும் இல்லை. தூரில் தாமதமாக வந்த கதிரில் மணி பாதிதான் நிறையும். அதை விதைக்கு எடுத்தால் அடுத்த வருடமும் அடி. "இந்த வருஷம் வெதை எடுக்கலை" என்று சொல்லிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அவர் நினைவில் அப்படி ஒரு வருடம் இருந்ததில்லை. இனி அவர்களிடம் இருப்பது இரண்டு பானைகள், 10 கிலோ.

அடுப்பா, சந்தையா?

அறுவடை முடிந்ததும் கீழ்நாட்டில் இருந்து வியாபாரி வந்துவிட்டார். தாத்தாவின் வரிசை எப்போதும் ஒன்றுதான். "முதல்ல வெதை, அப்புறம் அடுப்பு, கடைசில சந்தை." வீட்டில் தினம் ஒரு வேளை சாமைச் சோறு. 6 பேருக்கு முக்கால் கிலோ அரிசி வேண்டும். உமியும் தவிடும் போக 1 கிலோ சாமையில் 600 கிராமுக்குச் சற்று மேல் அரிசி கிடைக்கும். ஆக, தினம் 1.2 கிலோ சாமை. வருடத்துக்கு ஏறத்தாழ 440 கிலோ. நல்ல வருடத்தில் விதை 20, அடுப்புக்கு 440 போக, விற்க 340 கிலோ மிஞ்சும். இந்த வருடம் மிஞ்சியது 60 கிலோ.

பேரனுக்குக் கைச்செலவுக்குப் பணம் இல்லை. டில்லர் வாடகைகூட பாக்கி. "ரேஷன்ல அரிசி வருது. சாமையைப் பூராவும் வித்துட்டு ரேஷன் அரிசியைத் தின்னா என்ன?" என்று கேட்டார். தாத்தா கோபப்பட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சமாதானம் செய்துவைத்தவர் மருமகள். வருடம் பூராவும் வேண்டாம், நான்கு மாதத்துக்கு மட்டும் ரேஷன் அரிசி பொங்கலாம் என்றார். நான்கு மாதத்துக்கு 144 கிலோ சாமை மிஞ்சும். முன்னால் இருந்த 60 கிலோவோடு சேர்த்தால் 200 கிலோவுக்கு மேல்.

தாத்தா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இப்போது விற்கக் கூடாது. அரிசியாக்கியும் வைக்கக் கூடாது. "உமிக்குள்ள இருக்கிற வரைக்கும் சாமைக்கு வயசில்லை. அரிசியானா ஒரு மாசம்" என்றார். இது வெறும் சொல் இல்லை. சாமை அரிசியின் மேலே ஒட்டியிருக்கும் தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. உமி உடைந்து காற்றுப் பட்டதும் அது கெட ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் சிக்கு வாடை வந்து, சோறு கசக்கும். உமியோடு நன்றாகக் காயவைத்த சாமை, வருடக் கணக்கில் கெடாது. இதனால்தான் அந்த வீட்டில் இன்றைக்கும் பத்து நாளைக்குத் தேவையான சாமையை மட்டுமே அரைவைக்கு எடுத்துப் போகிறார்கள்.

மூட்டைகளைப் பலகை போட்டு அடுக்கினார்கள். அறுவடைக் கூட்டம் ஓய்ந்து, கையில் சாமை இருப்பவர்கள் குறைந்த பிறகு, சித்திரையில் விற்றார்கள். கார்த்திகையில் வியாபாரி கேட்ட விலையைவிட நல்ல விலை கிடைத்தது. பாக்கி அடைந்தது. "ரேஷன் அரிசி விஷயத்துல பையன் சொன்னதும் ஒரு கணக்குத்தான்" என்று தாத்தா பிறகு மருமகளிடம் சொல்லியிருக்கிறார். பேரனிடம் நேராகச் சொல்லவில்லை.

100-க்கு 62

அதே சித்திரையில் விதைப்பானைகளைத் திறந்தார்கள். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே பானையைத் திறந்து பார்ப்பதும் தாத்தாவின் பழக்கம்தான். "மண்ணுல போட்டுப் பார்க்காதே, துணியில போட்டுப் பாரு" என்பார்.

வீட்டுப் பானையின் வாய்ப்பூச்சில் விரிசல் இருந்தது. கார்த்திகை மழையில் கூரை ஒழுகி, பானைமேல் சொட்டியிருக்கிறது. மேல் சாம்பல் கட்டி கட்டியாக இருந்தது. தாத்தா எதுவும் பேசவில்லை. அவருக்குக் கண்ணில் புரை. மணிகளை எண்ண முடியாது. பேரன்தான் ஒவ்வொரு பானையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கையை விட்டு எடுத்துக் கலந்து, நூறு நூறு மணிகளை எண்ணி, தனித்தனியே ஈரத்துணியில் சுருட்டி வைத்தார். எட்டாம் நாள் பிரித்தார்கள். மகள் வீட்டுப் பானை விதையில் 100-க்கு 84 முளைத்திருந்தது. வீட்டுப் பானையில் 62.

சாமை விதைக்குக் குறைந்தது 75 சதவிகித முளைப்பு இருக்க வேண்டும் என்பது சான்று விதைக்கான அளவு. ஏக்கருக்கு 5 கிலோ என்கிற கணக்கும் அப்படிப்பட்ட விதைக்குத்தான். முளைப்பு 62 என்றால் விதையைக் கூட்ட வேண்டும். 5-ஐ 75-ஆல் பெருக்கி, 62-ஆல் வகுத்தால் 6 கிலோ வருகிறது. வீட்டுப் பானையில் இருப்பது 5 கிலோ. ஒரு ஏக்கருக்குப் போதாது. வேறு விதையும் இல்லை.

இந்த இடத்தில்தான் பேரனின் யோசனை கைகொடுத்தது. வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ போதும் என்பதை, ஒரு பயிற்சிக்குப் போனபோது கேட்டு வைத்திருந்தார். முந்தைய வருடம் அதைச் சொன்னபோது, "சாமையை யாராச்சும் எண்ணி விதைப்பாங்களா?" என்று தாத்தா சிரித்திருந்தார். இப்போது பேரன் அதே கணக்கைப் போட்டார். 4-ஐ 75-ஆல் பெருக்கி, 62-ஆல் வகுத்தால் 4.8 கிலோ. இருக்கும் 5 கிலோ, 1 ஏக்கருக்குச் சரியாகப் போதும்!

தாத்தா கொஞ்ச நேரம் துணியில் இருந்த முளைகளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, கோடு போடு" என்றார்.

ஒரு சாண் இடைவெளி

இந்த முறை பவர் டில்லருக்குக் காத்திருக்கவில்லை. பெரியப்பா வீட்டு ஏரை வைகாசியிலேயே பேசிவைத்தார் பேரன். ஆனியில் மண் உருண்டை பிடித்த மறுநாளே இறங்கிவிட்டார்கள்.

நல்ல விதையை ஒரு ஏக்கரில் வழக்கம்போலத் தாத்தாவே தூவினார். அடுத்த ஏக்கரில் ஒரு சாண் இடைவெளியில் லேசான சால் ஓட்டினார்கள். சாமை மணி மிகச் சிறியது. கையில் எடுத்தால் கொத்தாக விழும். அதனால் ஒரு பங்கு விதைக்கு மூன்று பங்கு காய்ந்த மணல் கலந்து, சாலில் கையால் விட்டுக்கொண்டே போனார்கள். பின்னாலேயே முள் கிளையை இழுத்து லேசாக மண் மூடினார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் மண் மூடினால் இவ்வளவு சிறிய மணியால் மேலே வர முடியாது. முளைத்த 20-ம் நாள், நெருக்கமாக இருந்த நாற்றைக் கலைத்துவிட்டு, வரிசைக்கு நடுவே களைக்கொத்து ஓட்டினார்கள். தூவிய ஏக்கரில் களையெடுக்கப் பெண்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து செல்ல வேண்டியிருந்தது. வரிசை ஏக்கரில் நின்றபடியே பாதி நேரத்தில் முடிந்தது.

அந்த இரண்டு வாரமும் தாத்தா சரியாகத் தூங்கவில்லை என்கிறார் மருமகள். 60 வருடத்தில் முதல் முறையாக வீட்டில் காலியான விதைப்பானை. மழை பொய்த்தாலோ, ஈ விழுந்தாலோ, பரம்பரையாக வந்த ரகம் அதோடு போய்விடும். கடையில் புது ரகம் வாங்கலாம், அதில் தவறில்லை. ஆனால், அந்த மலைச்சரிவுக்குப் பழகிய விதை திரும்பி வராது. தினமும் காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு போய், இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்டார். முட்டைகள் அங்கங்கே ஒன்றிரண்டு இருந்தன. காய்ந்த குருத்துகளும் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. ஈ பெருகி வந்த சமயத்தில் பயிர் அதன் வயதைத் தாண்டியிருந்தது.

புரட்டாசிக் கடைசியில் கதிர் பழுத்தது. தாத்தா வழக்கம்போல நான்கு குச்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொல்லை நடுவில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. குச்சிகளைப் பேரனிடம் நீட்டினார்.

"எங்க நடலாம், நீயே பாரு."

பேரன் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வரிசை ஏக்கரின் நடுவில் முதல் குச்சியை நட்டார். தாத்தா அந்த இடத்துக்கு நடந்து போய், நாலைந்து கதிர்களைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். ஒரு மணியைக் கிள்ளிப் பல்லில் வைத்துக் கடித்தார். ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது குச்சி எங்கே என்று கேட்டார்.

இப்போது அந்த வீட்டின் கூரை ஓட்டை அடைக்கப்பட்டிருக்கிறது. பானைகள் மூன்றாகியிருக்கின்றன. மூன்றாவது பானை, ஏர் கொடுத்த பெரியப்பா வீட்டில் இருக்கிறது. பானை வாயைப் பூசுவது மட்டும் இன்றும் தாத்தாதான். அதற்குக் கண் தேவையில்லை, விரல் போதும் என்கிறார்.

----------

வீட்டிலேயே விதை முளைப்புப் பார்க்க...

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு, பானை அல்லது மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் இருந்து ஒவ்வொரு பிடி எடுத்து நன்றாகக் கலக்கவும். பெரிய மணி, சிறிய மணி என்று பொறுக்காமல், வருவது வரட்டும் என்று 100 மணிகளை எண்ணவும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைக்கவும். தினமும் தண்ணீர் தெளிக்கவும். துணி ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் நல்ல விதையும் அழுகி, கணக்குத் தவறிவிடும். எட்டாம் நாள் பிரித்து, வேரும் முளையும் இரண்டும் வந்தவற்றை மட்டும் எண்ணவும். வேர் மட்டும் வந்ததையும், பூஞ்சணம் பிடித்ததையும் சேர்க்கக் கூடாது.

75-ம் அதற்கு மேலும் வந்தால் வழக்கமான விதை அளவே போதும். குறைந்தால், வழக்கமான அளவை 75-ஆல் பெருக்கி, முளைத்த எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவை விதைக்கவும். 50-க்குக் கீழே போய்விட்டால் அளவைக் கூட்டுவதில் பயனில்லை. அந்த விதையில் முளைப்பதும் நோஞ்சானாகத்தான் இருக்கும். அதை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, வேறு விதை தேட ஒரு மாத அவகாசம் இருக்கிறது. முன்கூட்டியே பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.